மின்சாரக் காரில் நெடும்பயணத் திட்டமிடல்: தாம்பரம் – மேல்மலையனூர் எடுத்துக்காட்டு

மின்சாரக் காரில் நெடுந்தொலைவு செல்வோர் எங்கே சார்ஜ் செய்வது, எவ்வளவு மின்சாரத்தைக் கையிருப்பாக வைப்பது, ஒரு நிலையம் கைவிட்டால் எந்த வழியில் திரும்புவது ஆகியவற்றை வரைபடச் செயலியின் துணையுடன் முன்கூட்டியே கணக்கிடுகின்றனர். இதுவே பயணத் திட்டமிடல் எனப்படுகிறது. நெடுஞ்சாலையிலேயே தொடங்கி நெடுஞ்சாலையிலேயே முடியும் பயணத்துக்கு இக்கணக்கு எளிது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே சென்று, அதே வழியில் திரும்ப வேண்டிய ஊர்களுக்குத்தான் கவனம் தேவைப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு வடக்கே அமைந்துள்ள மேல்மலையனூர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

## பயணத்தின் தன்மை

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை தோறும் நள்ளிரவையொட்டி ஊஞ்சல் உற்சவம் நடைபெறுகிறது. சென்னையிலிருந்து காரில் வருவோர் பலர் தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாகத் திண்டிவனம் வந்து, அங்கே மேற்கே திரும்பிச் செஞ்சி, வளத்தி வழியாகக் கோயிலை அடைகின்றனர். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 95 கி.மீ. அங்கிருந்து மேல்மலையனூர் ஏறத்தாழ 50 கி.மீ.

விரைவு சார்ஜர்கள் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலையோர உணவகங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் அமைந்துள்ளன. உள்ளூர்ச் சாலையில் ஒன்றிரண்டு கிடைத்தாலும், திருவிழா இரவில் அவற்றை நம்பிப் புறப்படுவது சரியன்று. ஆகவே திண்டிவனத்தையே கடைசி உறுதியான நிலையமாகக் கொள்ள வேண்டும். இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: கடைசி நிலையத்தை விட்டுப் புறப்படும்போது, போவதற்கும் அதே நிலையத்துக்குத் திரும்பி வருவதற்கும் போதுமான மின்சாரமும், அதற்கு மேல் ஒரு கையிருப்பும் பேட்டரியில் இருக்க வேண்டும்.

## கணக்கிடும் முறை

பேட்டரியின் கொள்ளளவை வீட்டு மின்கட்டண அட்டையில் உள்ள யூனிட்டிலேயே கணக்கிடலாம். ஒரு கிலோவாட்-மணி என்பது ஒரு யூனிட். 2020இல் வெளிவந்த டாடா நெக்சான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 யூனிட் கொண்டது. அதன் சோதனைக்கூட ஓட்டத்தொலைவு 312 கி.மீ. என அறிவிக்கப்பட்டது. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 முதல் 100 கி.மீ. வேகத்தில் குளிர்சாதனத்துடன் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் அளவில் செலவாகும் எனக் கொள்வது நடைமுறைக்குப் பொருந்தும். அப்படியானால் முழு பேட்டரிக்கு 200 கி.மீ.தான் கிடைக்கும். வேகம் குறைந்த இருவழிச் சாலையில் செலவு 0.13 யூனிட் எனக் கொள்ளலாம். திருவிழா நெரிசலில் ஊர்ந்து நிற்கும் இரண்டு மணி நேரத்துக்குக் குளிர்சாதனத்துக்கென 2 யூனிட், அதாவது 7 சதவீதம், ஒதுக்க வேண்டும்.

முழு சார்ஜுடன் தாம்பரத்தில் புறப்படும் காரின் கணக்கு வருமாறு:

| பகுதி | மாற்றம் | மீதம் |
|---|---|---|
| தாம்பரம் – திண்டிவனம் | 47% செலவு | 53% |
| திண்டிவனத்தில் சார்ஜ் | 27% ஏற்றம் | 80% |
| திண்டிவனம் – மேல்மலையனூர் | 22% செலவு | 58% |
| நெரிசலில் காத்திருப்பு | 7% செலவு | 51% |
| மேல்மலையனூர் – திண்டிவனம் | 22% செலவு | 29% |
| திண்டிவனத்தில் சார்ஜ் | 41% ஏற்றம் | 70% |
| திண்டிவனம் – தாம்பரம் | 47% செலவு | 23% |

போகும்போது திண்டிவனத்தில் நிற்காமல் சென்றால் என்ன ஆகும் என்பதையும் இதே அட்டவணையிலிருந்து அறியலாம். மேல்மலையனூரை 31 சதவீதத்துடன் அடைய முடியும். செயலியும் அதைத் தடையின்றிக் காட்டும். ஆனால் காத்திருப்பும் திரும்பும் வழியும் சேர்ந்தால், நள்ளிரவுக்குப் பின் திண்டிவனம் வரும்போது 2 சதவீதமே எஞ்சும். போகும் வழியில் 25 கிலோவாட் அளவில் ஏற்றும் சுமார் 20 நிமிட சார்ஜ் இந்த இடரை நீக்கிவிடுகிறது. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி மெதுவாகவே மின்சாரத்தை ஏற்கும் என்பதால், அந்த அளவில் நிறுத்திக்கொள்வது நேரத்துக்கு நல்லது.

## செயலியில் பதிவு செய்தல்

போகும் வழியை மட்டும் தேடுவது பொதுவான வழக்கம். இப்பயணத்துக்கு அது போதாது. கூகுள் மேப்ஸில் தாம்பரத்தைத் தொடக்கமாக வைத்து, `Add stop` மூலம் திண்டிவனத்தில் தேர்ந்த நிலையம், மேல்மலையனூர், மீண்டும் அதே நிலையம், இறுதியில் தாம்பரம் என ஒரே பயணமாகச் சேர்க்க வேண்டும். `A Better Routeplanner` போன்ற செயலியில் கார் வகையையும், நிலையத்தை அடையும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்ச சதவீதத்தையும் குறிப்பிடலாம். நெடுஞ்சாலையில் 10 சதவீதம் போதுமானாலும், இப்பயணத்துக்கு 20 சதவீதத்துக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

வரைபடத்தில் குறி இருப்பதாலேயே ஒரு நிலையம் பயன்படும் என்று கொள்ளக் கூடாது. மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, செருகி வகை. மேற்கண்ட காருக்கு `CCS2` தேவை. பழைய `Bharat DC-001` வகைச் சார்ஜர் இதற்குப் பொருந்தாது. இரண்டாவது, திறன், 3.3 கிலோவாட் நிலையத்தில் 20 நிமிடம் நின்றால் ஏறக்குறைய ஒரு யூனிட்தான் ஏறும். மூன்றாவது, இரவு நேரம். உணவக வளாகத்தின் வாயில் மூடப்பட்டால் சார்ஜர் வேலை செய்தும் பயனில்லை. அண்மைய பயனர் கருத்துகளின் தேதியைப் பார்ப்பதும், நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்பதும், அந்நிறுவனத்தின் செயலியில் முன்பணம் செலுத்தி வைப்பதும் பகலிலேயே முடிக்க வேண்டியவை.

## மாற்று வழிகள்

நெரிசலைக் கண்டு செயலி தானாகவே வழியை மாற்றுவதுண்டு. மேல்மருவத்தூரில் பிரிந்து வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாக அது காட்டும் பாதை சில நிமிடம் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அது திண்டிவனத்தைத் தொடாது. அங்கே திட்டமிட்ட சார்ஜும் தவறிவிடும். ஆகவே புதிய பாதையை ஏற்கும் முன், அதில் எந்த நிலையம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

திரும்பும்போது முடிவெடுக்க வேண்டிய இடம் செஞ்சி. அங்கிருந்து கிழக்கே திண்டிவனம் 28 கி.மீ., தெற்கே விழுப்புரமும் மேற்கே திருவண்ணாமலையும் ஏறத்தாழ 38 கி.மீ. தொலைவில் உள்ளன. மேற்கண்ட கணக்கின்படி செஞ்சியில் சுமார் 41 சதவீதம் இருக்கும். விழுப்புரம் செல்ல 16 சதவீதம் போதும். எனவே திண்டிவனம் நிலையம் இயங்குகிறதா என்பதைச் செஞ்சியிலேயே செயலியில் பார்த்து, இல்லையெனில் தெற்கே திரும்பிவிடலாம். திண்டிவனம் வந்த பிறகே பழுது தெரிந்தாலும், 29 சதவீதத்தில் 37 கி.மீ. தொலைவிலுள்ள விழுப்புரத்தை 10 சதவீதத்துடன் அடைய முடியும். கையிருப்பு என்பது அடுத்த நிலையத்துக்குப் போதுமான அளவாக இருக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே. திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் பௌர்ணமியில் கூடுவதால், அமாவாசை இரவில் அவ்வூரையும் மாற்றாகக் கொள்ளலாம்.

## வழியில் சரிபார்த்தல்

கணக்கு பிசகுவதை முன்கூட்டியே அறிய மதுராந்தகம் ஏற்ற இடம். தாம்பரத்திலிருந்து 55 கி.மீ. வந்த நிலையில் 73 சதவீதம் இருக்க வேண்டும். 68 சதவீதமே இருந்தால், கிலோமீட்டருக்கு 0.15க்குப் பதில் சுமார் 0.176 யூனிட் செலவாகிறது என்று பொருள். எதிர்க்காற்று, மழை, கூடுதல் சுமை, வேகம் ஆகியவை இதற்குக் காரணங்கள். இவற்றுள் ஓட்டுநர் கையில் உள்ளது வேகமே. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 100 கி.மீ. வேகத்தை 80 ஆகக் குறைத்தால் அத்தடை 64 சதவீதமாகக் குறையும். அவ்வாறு குறைத்த பின்னும் வேறுபாடு நீடித்தால், திண்டிவனத்தில் 80 சதவீதத்தோடு நிறுத்தாமல் 90 வரை சார்ஜ் செய்துகொண்டு செஞ்சிச் சாலையில் திரும்ப வேண்டும்.