விரிவாக்கிக் கோட்டுரு

கோட்டுருவியலில், விளிம்புகள் குறைவாக இருந்தும் எந்தப் பக்கம் வெட்டினாலும் எளிதில் துண்டாகாத கோட்டுருக்கள் விரிவாக்கிக் கோட்டுருக்கள் எனப்படும். எக்ஸ்பாண்டர் கிராஃப் என்று கல்லூரிப் பாடங்களில் வருவது இதுவே. முனைகளின் எந்தச் சிறு தொகுதியை எடுத்துக்கொண்டாலும், அதிலிருந்து வெளியே செல்லும் விளிம்புகள் அத்தொகுதியின் அளவுக்கு ஏற்றபடி ஏராளமாக இருக்க வேண்டும் என்பதே இதன் இலக்கணம்.

கோட்டுரு என்றால் சில முனைகளும் அவற்றை இரண்டிரண்டாக இணைக்கும் விளிம்புகளும் மட்டுமே. ஊர்களையும் சாலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை அம்முனையின் படி ஆகும். எல்லா முனைகளுக்கும் படி ஒன்றாகவே இருந்தால் அது ஒழுங்குக் கோட்டுரு.

ஒரே கணக்கு, இரு வேறு வலிமை

10 முனைகளும் 15 விளிம்புகளும் கொண்ட, ஒவ்வொரு முனைக்கும் படி 3 ஆக உள்ள இரண்டு கோட்டுருக்களை ஒப்பிடுவோம்.

முதலாவது, டென்மார்க் கணிதவியலாளர் ஜூலியஸ் பீட்டர்சன் பெயரால் அழைக்கப்படும் பீட்டர்சன் கோட்டுரு. 1 முதல் 5 வரையுள்ள முனைகளை ஐங்கோணமாக வரைக. அதனுள்ளே 6 முதல் 10 வரையுள்ள முனைகளை வைத்து, 6–8, 8–10, 10–7, 7–9, 9–6 என்று ஐந்து முனை நட்சத்திரமாக இணைக்க. பின்பு 1–6, 2–7, 3–8, 4–9, 5–10 என்று வெளியையும் உள்ளையும் இணைக்க. மொத்தம் 15 விளிம்புகள்.

இரண்டாவதை இரு பாதிகளாக அமைக்கலாம். ஒரு பாதியில் 1–2, 1–3, 2–4, 2–5, 3–4, 3–5, 4–5 என்னும் 7 விளிம்புகள். இதே அமைப்பில், 6 முதல் 10 வரையுள்ள முனைகளைக் கொண்டு இன்னொரு பாதி. முதல் பாதியில் 1-க்கும், மறு பாதியில் அதன் இடத்தில் உள்ள 6-க்கும் மட்டும் படி 2. எனவே 1–6 என்று ஒரு பாலம் போட்டுவிட்டால் எல்லாப் படியும் 3 ஆகிவிடும். இங்கும் 7 + 7 + 1 = 15 விளிம்புகள்.

முனை, விளிம்பு, படி ஆகிய மூன்று கணக்கிலும் இரண்டும் சமம். தனி முனை ஒவ்வொன்றாகப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. எந்த முனையிலிருந்தும் மூன்று விளிம்புகள் வெளியே போகின்றன. ஆனால் இரண்டாவதில் 1–6 என்னும் ஒரே விளிம்பு அறுந்தால் ஐந்து முனைகள் மற்ற ஐந்திலிருந்து பிரிந்துவிடும். தொலைபேசி வலையமைப்பாக இருந்தால் ஒரு கம்பி அறுந்ததும் பாதி ஊருக்குத் தொடர்பு இல்லை.

பீட்டர்சன் கோட்டுருவில் என்ன ஆகும்? இதற்கு ஓர் எளிய எண்ணும் முறை உண்டு. k முனைகள் கொண்ட ஒரு தொகுதியில் மொத்தம் 3k விளிம்பு நுனிகள் இருக்கும். தொகுதிக்குள்ளேயே இரு முனைகளை இணைக்கும் விளிம்பு ஒவ்வொன்றும் இரண்டு நுனிகளை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய நுனிகள் வெளியே போகும் விளிம்புகளுக்கு உரியவை. உள்ளே m விளிம்புகள் இருந்தால் வெளியே போவன 3k − 2m. ஆகவே வெளி விளிம்புகள் குறைய வேண்டுமானால் உள் விளிம்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

பீட்டர்சன் கோட்டுருவில் முக்கோணமும் இல்லை, நாற்கோணமும் இல்லை. மிகச் சிறிய சுற்றே ஐங்கோணம்தான். சுற்று இல்லாத k முனைகளுக்குள் அதிகபட்சம் k − 1 விளிம்புகளே அமைய முடியும். எனவே k நான்கு வரை உள்ள எந்தத் தொகுதியிலிருந்தும் குறைந்தது 3k − 2(k − 1) = k + 2 விளிம்புகள் வெளியே போகின்றன. k = 2 எனில் 4, k = 3 எனில் 5, k = 4 எனில் 6. ஐந்து முனைகளை எடுத்தால் ஒரு சுற்று அமையலாம்; அப்போது உள்ளே 5 விளிம்புகள், வெளியே 15 − 10 = 5. ஐந்து முனைகளைத் துண்டிக்க ஐந்து விளிம்புகளையாவது அறுக்க வேண்டும். மற்றதில் ஒன்றே போதுமாயிருந்தது.

விரிவு எண்

மேலே செய்ததை ஒரே எண்ணாகச் சொல்வதுதான் விரிவு எண். ஒரு தொகுதியிலிருந்து வெளியேறும் விளிம்புகளை அத்தொகுதியின் முனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எல்லாத் தொகுதிகளுக்கும் இவ்வாறு கணக்கிட்டு, கிடைப்பவற்றுள் மிகச் சிறியதை எடுக்க வேண்டும். அதை h என்று குறிப்பர். பீட்டர்சன் கோட்டுருவுக்கு h = 5/5 = 1. பாலம் உள்ள கோட்டுருவுக்கு h = 1/5.

இங்கே தொகுதி என்பது மொத்த முனைகளில் பாதிக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். முழுத் தொகுதியையும் எடுத்தால் வெளியே எதுவுமே இல்லாததால் எந்தக் கோட்டுருவுக்கும் பூச்சியம்தான் வரும். 'சிறு தொகுதி' என்று சொல்வதன் பொருள் இந்தப் பாதி என்னும் வரம்பே. மாணவர்கள் பத்து இருபது முனை என்று எண்ணிக்கொள்வதுண்டு, அப்படியல்ல. பத்து லட்சம் முனைகள் உள்ள கோட்டுருவில் ஐந்து லட்சமும் சிறு தொகுதிதான்.

மிகச் சிறியதை எடுக்கிறோம் என்பதிலேயே முழு உறுதியும் இருக்கிறது. சராசரி எடுத்திருந்தால் ஒரு பலவீனமான இடம் பல வலுவான இடங்களுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். h பெரியது என்றால் விதிவிலக்காக ஒரு தொகுதிகூட இல்லை என்று பொருள். m விளிம்புகள் பழுதடைந்தால் துண்டாகிப் போகும் சிறு பகுதியில் m/h முனைகளுக்கு மேல் இருக்க முடியாது.

வெளியேறும் விளிம்புகள் பல இருந்தும் அவையெல்லாம் ஒரே சில முனைகளில் போய் விழலாமே என்று கேட்கலாம். படி d ஆக இருக்கும்போது ஒரு முனையில் d விளிம்புகளுக்கு மேல் விழ இடமில்லை. ஆகவே k முனைகளுக்கு வெளியே குறைந்தது hk/d புதிய அண்டை முனைகள் இருக்கும். ஒரு முனையில் தொடங்கி அண்டை, அண்டையின் அண்டை என்று போனால், எட்டிய முனைகள் பாதியைத் தொடும் வரை கூட்டு வட்டி போலப் பெருகும். விரிவாக்கி என்னும் பெயரின் பொருத்தம் இதுதான்.

ஒரு கோட்டுரு அல்ல, ஒரு குடும்பம்

தனி ஒரு கோட்டுருவை விரிவாக்கி என்பதில் பெரிய பொருள் இல்லை; இணைந்த எந்தக் கோட்டுருவுக்கும் h பூச்சியத்தை விடப் பெரியதே. முனைகள் பெருகிக்கொண்டே போகும் ஒரு வரிசையில், படி மாறாமல் இருக்கும்போதே h-உம் ஒரு நிலையான எண்ணுக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். அத்தகைய வரிசையே விரிவாக்கிக் குடும்பம்.

வழக்கமாக நாம் வரையும் கோட்டுருக்கள் இதில் தோற்றுவிடுகின்றன. 1000 முனைகள் கொண்ட ஒரு வட்டத்தில் 500 முனைகள் உள்ள பாதி வில்லிலிருந்து இரண்டே விளிம்புகள் வெளியேறும்; h = 0.004. இரட்டைக் கிளை மரத்தில் உச்சி முனையின் ஒரு கிளையை வெட்டினால் ஏறக்குறைய பாதி மரம் ஒரே விளிம்போடு விழுந்துவிடும். சதுரக் கட்டங்கள் சற்று மேல். ஆனாலும் 100 × 100 கட்டத்தை நடுவில் பிரித்தால் 5000 முனைகளுக்கு 100 விளிம்புகள்தான். ஒவ்வொரு முனையையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் h மிகப் பெரியதாகும், ஆனால் படியும் கட்டுக்கடங்காது. அதைச் சலுகை விலையில் பெற முடியுமா என்பதே கேள்வி.

முடியும். 1973இல் சோவியத் கணிதவியலாளர் பின்ஸ்கர், குருட்டாம்போக்கில் இணைத்தாலே பெரும்பாலும் விரிவாக்கி கிடைக்கும் என்னும் வழியில் இவை இருப்பதை நிறுவினார். 3 படி உள்ள பெரிய கோட்டுருக்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் h குறைந்தது 2/11 இருக்கும் என்று 1988இல் போலோபாஷ் காட்டினார். h = 2/11 உள்ள, 1000 முனைகள் கொண்ட கோட்டுருவில் எந்த 500 முனைகளிலிருந்தும் குறைந்தது 91 விளிம்புகள் வெளியேறும். வட்டத்தில் அது 2 ஆக இருந்தது. முனைக்கு ஒரே ஒரு விளிம்புதான் கூடியிருக்கிறது.

எண்ணாமல் அறிவது எப்படி?

10 முனைகளுக்கே பாதிவரை உள்ள தொகுதிகள் 637. 100 முனைகளுக்கு எல்லாத் தொகுதிகளையும் சோதிப்பது கணினியாலும் ஆகாது. இங்குதான் அணிகள் உதவுகின்றன. இரு முனைகள் இணைந்திருந்தால் 1, இல்லையேல் 0 என்று நிரப்பிய சதுர அணி அண்டை அணி ஆகும். ஒழுங்குக் கோட்டுருவில் இதன் மிகப் பெரிய ஐகென் மதிப்பு d தான். அடுத்த பெரிய மதிப்பு λ என்போம். d − λ என்னும் இடைவெளியே நமக்கு வேண்டியது.

ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் கொடுத்து, அவற்றின் கூட்டுத்தொகை பூச்சியமாக இருக்கும்படி செய்தால், விளிம்புகளின் இரு நுனி எண்களின் வேறுபாட்டு வர்க்கங்களைக் கூட்டிக் கிடைப்பது, முனை எண்களின் வர்க்கக் கூட்டலை d − λ ஆல் பெருக்கியதற்குக் குறையாது. λ என்பதன் பொருளே ஏறத்தாழ இதுதான். இப்போது n முனைகளில் k முனைகள் கொண்ட தொகுதியின் ஒவ்வொரு முனைக்கும் n − k என்றும், மற்றவற்றுக்கு −k என்றும் கொடுப்போம். கூட்டினால் பூச்சியம். தொகுதிக்கு உள்ளேயே, அல்லது வெளியேயே இருக்கும் விளிம்புகளில் வேறுபாடு இல்லை. எல்லையைக் கடக்கும் விளிம்புக்கு மட்டும் வேறுபாடு n. முனை எண்களின் வர்க்கக் கூட்டல் nk(n − k). கடக்கும் விளிம்புகளை e என்றால்:

```
e·n² ≥ (d − λ)·n·k·(n − k)
e ≥ (d − λ)·k·(n − k) / n
```

k பாதிக்கு மேற்படாததால் (n − k)/n குறைந்தது 1/2. ஆகவே h ≥ (d − λ)/2. இடைவெளி ஒன்றே எல்லாத் தொகுதிகளுக்கும் ஒருசேர உறுதி தந்துவிடுகிறது.

பீட்டர்சன் கோட்டுருவின் ஐகென் மதிப்புகள் 3, 1, −2 ஆகியவை. இடைவெளி 3 − 1 = 2; எனவே h ≥ 1. நாம் கையால் எண்ணிக் கண்ட விடையும் அதுவே. பாலக் கோட்டுருவுக்குச் சூத்திரத்தைத் திருப்பிப் போடலாம்: e = 1, k = 5, n = 10 எனில் இடைவெளி 0.4-ஐத் தாண்ட முடியாது. எந்த இடத்தில் பலவீனம் என்று தெரியாவிட்டாலும், ஐகென் மதிப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. முனைகள் மிகப் பெருகும்போது λ-வை 2√(d − 1) என்பதற்குக் கீழே குறிப்பிடத்தக்க அளவு இறக்க முடியாது என்பது அலோன்–போப்பனா தேற்றம். d = 3 எனில் அது 2.83, இடைவெளி 0.17, அதில் பாதி 0.086. உண்மையான h 2/11, அதாவது 0.18 இருந்தாலும் இம்முறை அதில் பாதிக்கும் குறைவாகவே உறுதி சொல்லும். குறைத்துச் சொல்லுமே தவிர, ஒருபோதும் கூட்டிச் சொல்லாது.

அந்த எல்லைக்குள் ±d தவிர்ந்த மற்ற ஐகென் மதிப்புகள் எல்லாம் அடங்கிவிடும் கோட்டுருக்கள் ராமானுஜன் கோட்டுருக்கள் எனப்படுகின்றன. லுபோட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சார்னாக் ஆகியோர் 1988இல் இவற்றை வெளிப்படையாக அமைத்துக் காட்டினர். மார்குலிஸும் தனியாக அதே காலத்தில் கண்டார். ராமானுஜன் கோட்டுருக்களைப் பற்றி எழுதியவர் அல்லர். டௌ சார்பின் மதிப்புகள் எவ்வளவு பெரிதாக வளரும் என்று 1916இல் அவர் ஓர் ஊகம் வெளியிட்டார்; அவ்வூகத்தின் பொதுவடிவமே இந்த அமைப்பின் நிறுவலைத் தாங்குகிறது.

மாணவர்கள் தாமே அமைத்துப் பார்க்க இன்னும் எளிய குடும்பம் ஒன்று உண்டு. ஒரு பகா எண் p எடுத்து, 0 முதல் p − 1 வரை முனைகளை வட்டமாக இணைக்க. பின்பு பெருக்கினால் p-ஆல் வகுக்க மீதி 1 வரும் எண்களை ஒன்றோடொன்று இணைக்க, 0 தன்னோடு. p = 11 எனில் 2–6, 3–4, 5–9, 7–8 ஆகியவை புது விளிம்புகள்; 1, 10 ஆகியவையும் தம்மோடு தாமே. இவ்வளவு சிறிய எண்ணில் பயன் பெரிதாகத் தெரியாது: 0 முதல் 4 வரையுள்ள வில்லிலிருந்து வட்டத்தின் 2 விளிம்புகளோடு 2–6 மட்டும் சேர்ந்து 3 ஆகிறது. p-ஐ 101, 1009 என்று கூட்டிக்கொண்டே போனால் வில்லின் முனைகளுக்கு இணையானவை வட்டமெங்கும் சிதறிக் கிடப்பதைக் காணலாம். இது விரிவாக்கிக் குடும்பம் என்பதன் நிறுவல் மட்டும் பள்ளிக் கணக்கு அல்ல. 1965இல் செல்பர்க் நிறுவிய ஒரு தேற்றத்தின் மேல் அது நிற்கிறது.