ஜப்பான் பிரமிடில் ஒரு பள்ளம்

மக்கள்தொகை பிரமிடை அடியிலிருந்து படிக்க வேண்டும். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு வயது. அடி அகன்றிருந்தால் பிறப்பு அதிகம். ஜப்பானின் படத்திலோ அடி குறுகி, மேற்பகுதி பருத்திருக்கிறது: குழந்தைகள் குறைவு, முதியோர் மிகுதி. 1947–49இல் பிறந்த பெருங்கூட்டமே மேலே தெரியும் புடைப்பு.

அதற்குக் கீழே 1966ஆம் ஆண்டின் பட்டை மட்டும் திடீரென உள்வாங்கியிருக்கும். அது ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற நம்பிக்கையால், அந்த ஆண்டு பிறப்பு ஏறத்தாழக் கால் பங்கு சரிந்தது. ஐந்தைந்து வயதாகத் தொகுத்து வரைந்தால் இந்தப் பள்ளம் மங்கிவிடும்.

அடர்த்தி தனிக் கணக்கு. சுமார் 12.4 கோடிப் பேரை 3.78 லட்சம் சதுர கிலோமீட்டரால் வகுத்தால் 328. அந்த எண் சராசரி நெரிசலைச் சொல்லும், வயதைச் சொல்லாது.