விரலுக்கு மேலே எவ்வளவு இடம்?

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் சிலர் கடையில் ஒரு சைஸ் பெரிய ஷூவைக் கேட்பதுண்டு. நீளம் கூடினால் கால் உள்ளே வழுக்கும், உரசல் நிற்காது. ஏனென்றால் பலருக்கு உரசுவது விரல் நுனியல்ல, விரலின் மேற்புறம். பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்தால் விரல்கள் மடங்கி, கணுக்கள் மேலே தூக்கிக்கொள்ளும். ஷூவின் மேல்தோல் அங்கே நாள் முழுக்க உரசும். வலி தெரியாததால் புண்ணான பிறகே கண்ணில் படும்.

அறுபது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் பொருந்தும் ஷூ, மாலையில் புறங்கால் வீங்கியதும் இறுகுகிறது. மருத்துவர் சொன்ன 5 மி.மீ. மெத்தையை உள்ளே வைத்ததும், விரலுக்கு மேலிருந்த இடத்தில் ஏறக்குறைய அவ்வளவும் போய்விடுகிறது. அவருக்கு வேண்டியது, உள்மெத்தையைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே உயரம் கூடிய ஷூ. அதை மாலையில், தன் மெத்தையோடும் காலுறையோடும் போட்டுப் பார்க்க வேண்டும்.

விரல் பக்கம் வரை அகலத் திறக்கும், நீளம் மிச்சமுள்ள வெல்க்ரோ பட்டை நல்லது, வீங்கும்போது தளர்த்தலாம். குதிகால் பட்டையும் அவசியம். அது இல்லாவிட்டால் விரல்களால் செருப்பைப் பற்றிக்கொண்டே நடக்க நேரும், மரத்த காலிலிருந்து செருப்பு நழுவினாலும் தெரியாது. விரலிடுக்கில் வார் போகும் செருப்பு வேண்டவே வேண்டாம்.

கழற்றிய பின் சிவந்த தடம் அரை மணி நேரத்திலும் மறையவில்லையா? அந்த ஷூவை ஒதுக்குங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடானால் ஷூவை மாற்றிப் பார்க்காமல், காலை ஊன்றாமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.