இலக்கத்தை மாற்றிப் பார்ப்பது குற்றமா?

கிளிநொச்சியில் கணினி படிக்கும் தம்பி ஒருவன் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தான். தான் படிக்கும் கல்வி நிலையத்தின் இணையத்தளத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பதாகவும், அதைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றும் கேட்டான். அவன் தன் கணக்கில் நுழைந்து பெறுபேற்றைப் பார்த்தபோது முகவரியின் முடிவில் `result.php?id=2417` என்று இருந்திருக்கிறது. 2417ஐ 2418 ஆக மாற்றியிருக்கிறான். வேறொரு மாணவியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி எல்லாம் திரையில் வந்துவிட்டன.

"அக்கா, நான் ஒண்டும் களவெடுக்கேல்ல. பாஸ்வேர்ட்டும் உடைக்கேல்ல. நம்பரைத்தான் மாத்தினான்."

"எத்தினை நம்பர் மாத்தினனி?"

"ஒரு நாற்பது இருக்கும்."

கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பி அந்தப் படங்களை அனுப்பவா என்றான். வேண்டாம் என்றேன். பயத்தில் சொல்லவில்லை, கொஞ்சம் பயமும் இருந்தது.

இலங்கையில் இதற்குப் பொருந்துவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுகுவதற்காக வேண்டுமென்றே செய்யும் எந்தச் செயலையும் பற்றிப் பேசுகிறது. தனக்குச் சட்டபூர்வ அதிகாரம் இல்லை என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒருவர் அதைச் செய்தால் குற்றம். ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எதையும் அழித்திருக்க வேண்டியதில்லை, காசு எடுத்திருக்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லை உடைத்திருக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை.

பூட்டாத கதவுதானே என்று மாணவர்கள் சொல்வார்கள். சேவையகம் ஒரு பக்கத்தைத் தந்துவிட்டது என்பதற்காக அதைப் பார்க்க அதிகாரம் கிடைத்துவிடாது. தம்பிக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு அவனுடைய பெறுபேற்றுக்கு மட்டுமே. முதல் முறை மாற்றியதை அறியாமல் செய்தது என்று ஒரு சட்டத்தரணி வாதாடிப் பார்க்கலாம். அந்த மாணவியின் முகவரியைக் கண்ட பிறகு, இது தனக்குரியதல்ல என்று நம்ப அவனுக்குக் காரணம் இருந்தது. மிச்சம் முப்பத்தொன்பதுக்கும் அந்த வாதம் நிற்காது. ஓட்டை இருக்கிறது என்பதற்கு ஒன்றே போதுமான சாட்சி.

படங்களை நான் வாங்காததற்கும் இதே சட்டத்தில் காரணம் உண்டு. அதிகாரமின்றிப் பெறப்பட்ட தகவல் என்று தெரிந்தும் அதை வாங்குவதையும் வைத்திருப்பதையும் 7ஆம் பிரிவு தனிக் குற்றமாக்குகிறது.

நல்லெண்ணம் காப்பாற்றாதா? கனடாவின் மொன்றியல் நகரில், டோசன் கல்லூரியில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். 2012இன் இறுதியில் அங்கு கணினி படித்த 20 வயது மாணவன் ஒருவன், கல்லூரி பயன்படுத்திய ஒம்னிவொக்ஸ் என்ற மாணவர் தளத்தில் ஓட்டையைக் கண்டு நிர்வாகத்திடம் சொன்னான். பாராட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, திருத்திவிட்டார்களா என்று பார்க்க, அக்கியுனெடிக்ஸ் என்ற தானியங்கிச் சோதனை மென்பொருளை அந்தத் தளத்தின்மேல் ஓடவிட்டான். அதற்கு யாரிடமும் கேட்கவில்லை. கல்லூரி அவனை நீக்கியது. தளத்தை உருவாக்கிய நிறுவனமே பிறகு அவனுக்குப் புலமைப்பரிசில் தர முன்வந்தபோதும், கல்லூரி முடிவை மாற்றவில்லை. முதல் முறை சொன்னதற்குக் கிடைத்த பாராட்டை அவன் அடுத்த சோதனைக்கான அனுமதியாக எடுத்துக்கொண்டான். அது அனுமதி அல்ல.

அனுமதி என்றால், எந்தத் தளம், எந்தப் பகுதி, எந்த முறை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று உரிமையாளர் எழுத்தில் தருவது. விரிவுரையாளர் "செய்து பாருங்கள்" என்று வகுப்பில் சொன்னது அதில் சேராது, தளம் அவருடையதல்ல. ஹக்கர்வன் போன்ற இடங்களில் நிறுவனங்கள் வெளியிடும் அறிவித்தல்களும் எழுதப்பட்ட எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஒரு துணைத்தளம் பட்டியலில் இல்லையென்றால் அதைத் தொடக்கூடாது.

இதே ஓட்டையைப் பழகுவதற்கென்றே வேண்டுமென்று பிழையாகக் கட்டிய தளங்கள் உண்டு. ஜூஸ் ஷொப் அப்படி ஒன்று. டொக்கர் உள்ள சொந்தக் கணினியில் இந்த ஒரு வரி போதும்:

```
docker run --rm -p 3000:3000 bkimminich/juice-shop
```

பிறகு உலாவியில் `http://localhost:3000` என்று திறந்தால், அந்தப் போலிக் கடையில் மற்றவரின் கூடையை எட்டிப்பார்ப்பதுகூட ஒரு பயிற்சிதான். கடை உங்கள் மேசைக்குள்ளேயே இருக்கிறது. யாருடைய முகவரியும் அங்கில்லை.

தம்பியின் வீட்டில் தாய்க்கு இது எதுவும் தெரியாது. தடுப்பிலிருந்து திரும்பி வந்த மாமன் ஒருவர் இருக்கும் வீடு அது. வாசலில் பொலிஸ் வாகனம் வந்து நின்றால், கணினிக் குற்றமா வேறு குற்றமா என்று அவர்கள் பிரித்துக் கேட்கப் போவதில்லை.

ஒரு சட்டத்தரணியிடம் நாற்பதையும் மறைக்காமல் சொல், அதன் பிறகு நிர்வாகத்துக்கு எழுது என்றேன். கடிதத்தில் எந்தப் பக்கம், என்ன கோளாறு என்பது போதும். மற்றவர்களின் விபரம் ஒன்றும் இருக்கக்கூடாது. காசோ, கெடுவோ கேட்காதே, கேட்டால் அது மிரட்டலாகத் தெரியும். பதில் வராவிட்டால் இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவுக்கு அறிவிக்கலாம். ஆனால் அங்கே அறிவித்ததால் முன்பு செய்தது இல்லாமல் போய்விடாது.

போன கிழமை அழைத்தான். கடிதம் போய்விட்டதாம், பதில் இல்லை.

"திருத்தீட்டினமோ எண்டு ஒருக்கா மட்டும் பாக்கட்டே அக்கா?"

"2417ஐ மட்டும் பார்" என்றேன்.