மழையில் தளம் தள்ளிப்போனால், கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகையில் வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “சென்ட்ரிங் அடிச்சு, கம்பியும் கட்டியாச்சு, இன்னும் ஏன் கான்கிரீட் போடலை?” கான்ட்ராக்டர் “மழை சார்” என்று மட்டும் சொன்னால் சந்தேகம்தான் வளரும். காரணத்தை எழுதிக் கொடுப்பது நல்லது. செங்கல்பட்டுப் பக்கம் சின்ன வீடு ஒன்றைக் கட்டுகிறவர் இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். வியாழக்கிழமை போட இருந்த தளத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். நம் கலவையில் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் கணக்கு. அந்த மூட்டைக்குச் சுமார் 80 கிலோ எம்-சாண்ட் போகும். மழையில் நனைந்த மணலில் நூற்றுக்கு 5 பங்கு ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் மணலோடு வந்துவிடும். வழக்கம்போல ஊற்றினால் 29 லிட்டர் ஆகிவிடும். கலவை இளகி, பரப்பச் சுலபமாக இருக்கும். தளத்தின் பலம் குறைந்துவிடும். மணலைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். போடும் அன்று ஈரத்தைப் பார்த்துத் தண்ணீரைக் குறைப்போம்.

தெற்குப் பக்கம் சவுக்கு முட்டுகளின் அடிமண் சேறாகிவிட்டது. பாரம் ஏறியதும் ஒரு முட்டு அரை அங்குலம் இறங்கினாலும் அந்த இடத்தில் தளம் தொய்யும். சேற்றை எடுத்து, மண்ணைக் கெட்டித்து, அடியில் பலகை வைத்து ஆப்பை இறுக்கிய பிறகுதான் போடுவேன். போட்ட முதல் சில மணி நேரத்தில் பலத்த மழை அடித்தால் மேலே உள்ள சிமென்ட் பால் கரைந்து ஓடி ஜல்லி தெரியும். அதற்காகத் தளம் முழுவதும் மூடத் தார்ப்பாய் தயாராக இருக்கும்.”

இவ்வளவு தெளிவாக எழுதுகிற கான்ட்ராக்டரை நம்பலாம் என்பது என் எண்ணம். ஆனால் க்யூரிங்கையும் அவர் விடாமல் எழுத வேண்டும். மழைக்காலத்தில் ‘வானமே நனைக்கிறதே’ என்று பலரும் பாத்தி கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி பெய்த மழை, காலை வெயிலிலும் காற்றிலும் காய்ந்துபோகும். விட்டு விட்டு நனைவது க்யூரிங் ஆகாது. பாத்தி கட்டினால் மழைத் தண்ணீரும் அதிலேயே நிற்கும். ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பலரும் வாங்கும் பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக்கூடாது. 14 நாள் வரை நிறுத்தினால் இன்னும் நல்லது.

தளத்தின் மேல்பக்கம் ஒழுங்காக இறுகியதா என்பதை, காய்ந்த பிறகு ஓர் ஆணியால் கீறிப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மாவாக உதிர்ந்தால், சுவர் எழுப்பும் முன் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தள்ளிப்போகும் நாட்களுக்கெல்லாம் சென்ட்ரிங் வாடகை ஏறும். அதை யார் கொடுப்பது என்பதையும், முட்டு எடுக்கும் தேதி கான்கிரீட் போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.