முட்டைக்கு நன்னீர் எட்டாது

நியூயார்க் மீன்காட்சியகத்தில் இருந்த வெப்பக்கடல் மீன்களின் உடலில் ஒட்டியிருந்த ஒரு தட்டைப்புழுவை 1927-இல் மெக்கல்லம் என்ற ஆய்வாளர் விவரித்துப் பெயரிட்டார். இன்று அதை நியோபெனிடேனியா மெல்லெனி என்கிறோம். மோனோஜெனியா என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. அரிசி நீளம்தான் இருக்கும். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் என்பதால், மீன்மேல் ஐம்பது ஒட்டியிருந்தாலும் நம் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. அது அறிவியலின் கண்ணில் பட்டது கடலில் அல்ல, தொட்டியில். கடலில் இந்தப் புழு இடும் முட்டைகள் நீரோட்டத்தோடு போய்விடுகின்றன. குஞ்சுகளில் மிகச் சிலவே இன்னொரு மீனைச் சேரும். நான்கு சுவருக்குள் மீனை அடைத்ததும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

நம் கரையில் முட்டுக்காட்டில் கொடுவாவையும் மண்டபத்தில் கடல்விராலையும் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். இரண்டு மீனுமே இந்தப் புழுவுக்குப் பிடித்தமானவை. புழுவின் பின்முனையில் வட்டத் தட்டு ஒன்று உண்டு. அதிலுள்ள கொக்கிகளைத் தோலில் மாட்டி, தட்டை உறிஞ்சியாக அழுத்திக்கொள்ளும். முன்முனை சும்மா அலைந்து, மேல்தோலின் செல்களையும் வழவழப்பையும் மேயும். தோல் போன இடம் புண்ணாகும். புண்ணில் விப்ரியோ பாக்டீரியா புகும். பல மீன்கள் சாவது கடைசியில் பாக்டீரியாவால்தான், ஆனால் கதவைத் திறந்துவிட்டது புழு. மீன் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்ப்பது, தீனியை வெறுப்பது, கண் பால் நிறமாவது ஆகியவைதான் வெளியே தெரியும் குறிகள். கண் வெளுத்துவிட்டால் நாம் ஏற்கெனவே தாமதித்துவிட்டோம்.

இந்தப் புழுவில் ஆண் பெண் தனித்தனி இல்லை. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில், பாரமுண்டி என்று அங்கே அழைக்கப்படும் நம் கொடுவாவின் மேல் இதே பேரினத்தின் ஒரே ஒரு புழுவை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். துணையே இல்லாமல் அது 17 நாளில் 3,000-க்கும் மேற்பட்ட முட்டை இட்டது. அவை பொரியவும் செய்தன. ஆகவே ‘நாலைந்து புழுதானே’ என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

முட்டையின் அமைப்பு இன்னும் விசித்திரம். மூன்று பக்கமும் அடியும் கொண்ட கூம்பக வடிவம், அதிலிருந்து நீளும் நூல். அந்த நூல் வலைக் கண்ணிலும் காற்றுக் குழாயிலும் சுவரில் படிந்த பாசியிலும் சிக்கி முடிச்சு முடிச்சாகத் திரளும். தண்ணீரை மாற்றினாலும் முட்டை போகாது. ஏறக்குறைய ஐந்து நாளில், பெரும்பாலும் பொழுது விடிந்த முதல் சில மணி நேரத்தில், ரோமம் போன்ற இழைகளை அசைத்து நீந்தும் குஞ்சு வெளிவரும். இரண்டொரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். கிடைத்தால் இழைகளை உதறிவிட்டு ஒட்டிக்கொள்ளும். இடையில் நத்தையோ வேறு உயிரோ தேவையில்லை. மீனிலிருந்து நேரே மீனுக்கு.

இதற்கு எளிய சிகிச்சை நன்னீர்க் குளியல். ஐந்து நிமிடம் போதும்: உப்பில்லாத நீரில் புழு ஊதி, வெளுத்து, பிடி தளர்ந்து உதிரும். கொடுவா உப்பும் நன்னீரும் தாங்கும் மீன் என்பதால் அதற்குப் பெரிய சிரமமில்லை. கடல்விராலுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதல்நாள் தீனி நிறுத்த வேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீங்கியிருக்க வேண்டும், சூடு தொட்டி நீரின் சூட்டோடு ஒத்திருக்க வேண்டும், காற்று நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். மீன் புரண்டால் அந்தக் கணமே உப்புநீருக்கு மாற்றிவிட வேண்டும்.

குளித்த மீன் பளிச்சென்று தீனி எடுக்கும். பண்ணையில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து முன்பைவிட அதிகமான புழு இருக்கும். புழுவைக் கொல்லும் அந்த ஐந்து நிமிடம் முட்டையை ஒன்றும் செய்யாதது காரணம். பிராசிகுவாண்டெல் போன்ற மருந்துகளுக்கும் இதே வரம்புதான். அதோடு பிராசிகுவாண்டெலைத் தீனியில் கலந்தால் அதன் கசப்பால் மீன் தீனியையே துப்பிவிடும்.

ஆகவே வெல்ல வேண்டியது நாட்காட்டியில். தண்ணீர் 26 டிகிரி வாக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் குளியல் திங்கட்கிழமை. அன்று காலை இடப்பட்ட முட்டைதான் தொட்டியில் கடைசி முட்டை. பெரும்பாலானவை ஐந்தாம் நாள் பொரிந்தாலும், பிந்துபவற்றுக்காக எட்டு நாள் கொடுங்கள். அதே திங்களன்று, குளியல் முடிந்து திரும்பிய மீனில், பழைய முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒன்று ஒட்டுகிறது. அது வளர்ந்து தன் முதல் முட்டையை இட சுமார் பத்து நாளாகும். எட்டுக்கும் பத்துக்கும் நடுவே, அதாவது அடுத்த வாரப் புதன்கிழமை, எல்லா முட்டையும் பொரிந்திருக்கும். எந்தப் புழுவும் இன்னும் முட்டையிட்டிருக்காது. இரண்டாம் குளியலை அன்று கொடுத்தால் சங்கிலி அறும். வியாழன் இரவுக்குத் தள்ளினால் முதல் குளியலும் வீண். தண்ணீர் குளிர்ந்தால் இரண்டு கணக்கும் நீளும், சூடானால் சுருங்கும். அதனால் தொட்டி நீரின் சூட்டை நாள்தோறும் குறித்துவைக்காமல் இந்தத் தேதியைச் சொல்ல முடியாது.

இவ்வளவு குறுகிய இடைவெளியை மட்டும் நம்பாமல், குளித்த மீனைப் பழைய தொட்டிக்குத் திருப்பாமல் காய்ந்த புதுத் தொட்டியில் விடுவது என் கணிப்பில் மேலானது. பழைய தொட்டியை வடித்து, பாசியைச் சுரண்டி, வலை, குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் வெயிலில் மொறமொறவென்று காயப்போட வேண்டும். நன்னீருக்கு அசையாத முட்டை காய்ந்துபோனால் செத்துவிடும். ஒரு கூடுதல் தொட்டியைக் காலியாக வைத்திருப்பதை நஷ்டம் என்று நினைக்கும் பண்ணைதான் மருந்துக்குச் செலவழித்துக்கொண்டே இருக்கும்.

இதே தொட்டிகளுக்கு வரும் இன்னோர் ஒட்டுண்ணியான கடல்பேனிடம் இந்தக் கணக்கு செல்லாது. காலிகஸ் என்ற பேன், கோபிபோட் என்னும் ஓட்டுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தது. (கெண்டைக் குளத்தில் ‘மீன்பேன்’ என்று சொல்லப்படும் ஆர்குலஸ் வேறு இனம்.) தட்டையான கேடயம் போன்ற ஓட்டின் கீழ் உடம்பை ஒட்டிக்கொண்டு மீன்மேல் வழுக்கி ஓடும். பெண்ணின் வாலருகே இரண்டு முட்டைச் சரங்கள் தொங்குவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். குஞ்சு சில நாள் எதுவும் தின்னாமல் மிதந்து, பிறகு மீனில் ஏறி ஓர் இழையால் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு வளரும். முதிர்ந்ததும் கட்டை விட்டுவிடும். தொந்தரவு வந்தால் முதிர்ந்த பேன் மீனை விட்டு நீந்தி அடுத்த மீனில் ஏறும். அதோடு, முகத்துவார நீருக்குப் பழகிய வகைகள் ஐந்து நிமிட நன்னீருக்கெல்லாம் சாவதில்லை. வலைபோட்டுப் பிடிக்கும் கலவரத்திலேயே பாதிப் பேன் தொட்டி நீரில் இறங்கி நின்று, குளித்துத் திரும்பும் மீனில் மறுபடி ஏறிக்கொள்ளும். தொட்டி மாற்றாத குளியல் பேனுக்கு வெறும் இடைவேளை. தொட்டிக்கொரு வலை வைப்பதும், கடல்நீரை மணல் வடிகட்டி வழியே எடுப்பதும், வயது கலந்த மீன்களை ஒரே தொட்டியில் சேர்க்காதிருப்பதும் இதற்காகத்தான். பெரிய மீனில் சத்தமில்லாமல் வாழும் பேன் எண்ணிக்கை விரல்நீளக் குஞ்சைக் கொன்றுவிடும்.

புதிதாக மீன் வாங்குபவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். தொட்டியில் விடுவதற்கு முன் ஐந்தாறு மீனை ஒரு கறுப்பு வாளி நன்னீரில் ஐந்து நிமிடம் விட்டு, எடுத்தபின் அடியில் பாருங்கள். அவல் உதிர்ந்தாற்போல வெள்ளைத் துணுக்குகள் கிடந்தால், அந்த மீன்கள் மொத்தமும் மூன்று வாரம் தனித்தொட்டியில்தான் இருக்க வேண்டும்.