விலை ஒரு வருஷத்துக்கு, ஆர்டர் மாதாமாதம்

1948ஆம் ஆண்டின் தொடக்கம். மதராஸை தலைமையிடமாகக் கொண்டிருந்த மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, தன் ஊழியர்களுக்கான தானியக் கடைகளுக்கு வெல்லம் வாங்க டெண்டர் விட்டது. ஒரு வியாபாரியின் டெண்டர் ஏற்கப்பட்டது. அளவு 14,000 மணங்கு. ஒரு மணங்கு 37 கிலோவுக்குச் சற்று மேல் என்பதால், எல்லாம் சேர்ந்தால் 520 டன்னைத் தாண்டும். மார்ச் மாதத்தில் நான்கு தவணையாக, தவணைக்கு 3,500 மணங்கு வீதம் கொடுக்க வேண்டும் என்று தேதி குறித்து ரயில்வே ஆர்டரும் போட்டது. அந்த மாதமே, இன்னும் வர வேண்டிய வெல்லத்தை ரத்து செய்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்று வியாபாரிக்கு ரயில்வேயிடமிருந்து கடிதம் வந்தது.

ரயில்வேயின் கையில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒப்பந்தக் காலத்தில் எந்தக் கட்டத்திலும், மீதி அளவைக் கேட்காமலே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்று அதில் எழுதியிருந்தது. வியாபாரியும் அதை ஏற்றுத்தான் டெண்டர் கொடுத்திருந்தார். ஆனாலும் அவர் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்தது. நீதிமன்றம் அந்த நிபந்தனையை இப்படிப் பிரித்துப் பார்த்தது: இன்னும் ஆர்டர் போடாத அளவு எதுவோ, அதை ரயில்வே தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் இவ்வளவு சரக்கு, இந்தத் தேதியில் என்று முறையாக ஆர்டர் போட்ட பிறகு அந்த அளவுக்கு அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகிவிடுகிறது. அதை அந்த நிபந்தனையைக் காட்டி ரத்து செய்ய முடியாது.

இன்றைக்கு நம் ஊர்த் தொழிற்சாலைகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் செய்துகொள்ளும் ரேட் கான்ட்ராக்ட், பிளாங்கெட் ஆர்டர் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த வெல்லக் கதை போதும். ரேட் கான்ட்ராக்ட் என்றால் விலை மட்டும் பேசி முடிந்தது என்று பொருள். ‘இந்த வருஷம் முழுக்க, நீங்கள் எப்போது கேட்டாலும் இந்த விலைக்குத் தருகிறேன்’ என்று விற்பவர் சொல்லி வைக்கிறார், அவ்வளவுதான். அதில் எழுதியிருக்கும் வருட அளவு பெரும்பாலும் ஒரு உத்தேசம். பிளாங்கெட் ஆர்டரில் மொத்த அளவோ மொத்தத் தொகையோ குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு எடுப்பார்கள். அப்படிக் கேட்டு எடுக்கும் ஒவ்வொரு தாளையும் ரிலீஸ் என்றோ ஷெட்யூல் என்றோ சொல்வார்கள். குறித்த மொத்த அளவை வாங்கியே தீர வேண்டுமா, அல்லது அது வெறும் உச்சவரம்பா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. பலர் அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

விற்பவரும் இதே கயிற்றில்தான் கட்டப்படுகிறார். இங்கிலாந்தில் 1873இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே தொடுத்த வழக்கு அதற்குச் சாட்சி. பன்னிரண்டு மாதத்துக்கு, ஸ்டோர் கீப்பர் அவ்வப்போது கேட்கும் அளவு இரும்புச் சாமான் தருவதாக ஒருவர் டெண்டர் கொடுத்திருந்தார். சில ஆர்டர்களுக்குக் கொடுத்தார், பிறகு வந்த ஒன்றுக்குக் கொடுக்க மறுத்தார். ரயில்வே ஆர்டர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபோது எனக்கு மட்டும் என்ன கட்டாயம் என்று அவர் வாதாடினார். வாதம் எடுபடவில்லை. ஆர்டர் வந்துவிட்டது, ஆகவே அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆர்டர் வரும் முன் இரண்டு பக்கமும் பிடி தளர்வு. வந்த பின் இரண்டு பக்கமும் இறுக்கம்.

இந்தத் தளர்வில்தான் நடைமுறைச் சிக்கல் அத்தனையும் பிறக்கிறது. ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,20,000 அட்டைப்பெட்டி வேண்டும் என்று பெட்டிக்காரர் ஒருவரிடம் பேசுகிறார். ஐந்து அடுக்குப் பெட்டி, ஒன்று 60 ரூபாய், மாதம் சுமார் 10,000. காகிதத்தில் மொத்தம் 72 லட்ச ரூபாய். பெட்டிக்காரர் அந்த 72 லட்சத்தை நம்பித்தான் விலையைக் குறைத்தார். கிராஃப்ட் பேப்பரையும் மொத்தமாக வாங்கி வைத்தார். ஏற்றுமதியாளரின் பெயரும் குறியும் அச்சடித்த பெட்டிகளைக் கொஞ்சம் முன்கூட்டியே போட்டும் வைத்தார். ஆறு மாதத்தில் 60,000 போயிருக்க வேண்டும். வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததால் 38,000 மட்டுமே போயிருக்கிறது. ஏற்றுமதியாளர் எந்த ரிலீஸையும் மீறவில்லை. கேட்டதை எல்லாம் வாங்கிக்கொண்டார், பணமும் கொடுத்தார். சட்டப்படி அவர்மேல் குற்றம் காண்பது கடினம். நஷ்டம் முழுவதும் பெட்டிக்காரரின் ஷெட்டில் கிடக்கிறது. அச்சடித்த பெட்டியை வேறு யாருக்கும் விற்க முடியாது.

இதை ஒப்பந்தத்தில் சரிசெய்யும் வழி ஒன்று இருக்கிறது. பெரிய வாகனத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களும் பழகிய வழி அது. வரப்போகும் நாட்களை மூன்று பட்டையாகப் பிரிக்கிறார்கள். நம் கணக்கில், அடுத்த இரண்டு வாரத்துக்கான அளவு உறுதியானது. ஏற்றுமதியாளர் அந்தப் பெட்டிகளை எடுத்தே ஆக வேண்டும். அதற்கடுத்த நான்கு வாரத்துக்கு, பெட்டி வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் அதற்காக வாங்கிய காகிதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். அதற்கப்பால் உள்ளது எல்லாம் உத்தேசம், யாரையும் கட்டாது. ஒவ்வொரு வாரமும் இந்தப் பட்டியல் ஒரு வாரம் முன்னே நகரும்.

தொகையாகப் பார்த்தால் இதன் அருமை தெரியும். வாரத்துக்கு 2,500 பெட்டி என்றால் இரண்டு வாரத்துக்கு 5,000 பெட்டி, 3 லட்ச ரூபாய். ஒரு பெட்டிக்கு ஒரு கிலோ காகிதம், கிலோ 36 ரூபாய் என்று கொண்டால், அடுத்த நான்கு வாரத்தின் 10,000 கிலோவுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். ஆக, எந்த நாளில் வியாபாரம் படுத்தாலும் ஏற்றுமதியாளர் ஏற்க வேண்டியது 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் போகாது. 72 லட்சத்தையும் வாங்கியே தீர வேண்டும் என்று அவரைக் கட்டுவது அநியாயம். ஒரு ரூபாய்க்கும் பொறுப்பில்லை என்று பெட்டிக்காரரை விடுவதும் அநியாயம். இந்த 6 லட்சத்து 60 ஆயிரம் இருவரும் தாங்கக்கூடிய எண். பெட்டிக்காரருக்கும் எவ்வளவு முன்கூட்டிச் செய்து வைக்கலாம் என்ற அளவு தெரிந்துவிடுகிறது. ஆறு வாரத்துக்கு மேல் அவர் பேப்பர் வாங்கிக் குவித்தால் அது அவருடைய சொந்தத் துணிச்சல்.

அடுத்தது விலை. ஒரு வருஷத்துக்கு விலையை அப்படியே பூட்டிவைத்தால், மூலப்பொருள் ஏறும்போது விற்பவர் வாயைத் திறந்து மறுக்க மாட்டார். டெலிவரி தள்ளிப்போகும். லாரி வரவில்லை, மெஷின் ரிப்பேர் என்று காரணம் வரும். கேட்ட 2,500க்கு 1,800 வரும். பெட்டியைக் கையில் எடுத்தால் எடை குறைந்திருக்கும், காகிதத்தின் தரம் ஒரு படி இறங்கியிருக்கும். விலை கட்டுப்படியாகவில்லை என்பதன் முதல் அறிகுறி இவைதான். வாங்குபவரின் ஸ்டோர்ஸில் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் கடிதம் வரும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். மூலப்பொருள் இறங்கும்போது திருட்டுத்தனம் இந்தப் பக்கம் மாறுகிறது: வாங்குபவர் ரிலீஸைக் குறைத்துவிட்டு வெளியில் மலிவாக வாங்குவார். ரேட் கான்ட்ராக்ட்டில் ‘உங்களிடம் மட்டுமே வாங்குவேன்’ என்று எழுதியிருக்காவிட்டால் அவரைத் தடுக்க எதுவும் இல்லை.

ஆகவே காகிதத்தின் விலையை மட்டும் தனியாக அவிழ்த்துவிடுவது நல்லது. 60 ரூபாய் பெட்டியில் 36 ரூபாய் காகிதம். மீதி 24 ரூபாய் கூலி, பசை, மின்சாரம், லாபம்; அது வருஷம் முழுக்க அசையாது. காகிதம் கிலோவுக்கு 2 ரூபாய்க்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ பெட்டி விலையும் அதே அளவு மாறும். 36 ரூபாய் காகிதம் 42 ஆனால் பெட்டி 66 ரூபாய். 32க்கு இறங்கினால் 56. எந்த மில்லின் எந்த ரகக் காகிதம், எந்த நாளின் விலை என்பதையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏறும்போது ஒரு மில், இறங்கும்போது இன்னொரு மில் என்று ஆளுக்கொரு பில்லைக் காட்டுவார்கள்.

இதற்குள்ளும் ஒரு ஓட்டை உண்டு. மாறிய விலை எந்த ரிலீஸிலிருந்து பொருந்தும்? 10ஆம் தேதி விலை ஏறுகிறது; 8ஆம் தேதி ரிலீஸ் வந்தது; சரக்கு 20ஆம் தேதி போகிறது. ரிலீஸ் தேதியின் விலையே என்பதுதான் நியாயமான விதி. வெல்ல வழக்கின்படியும் ஒப்பந்தம் பிறந்தது அந்த நாளில்தானே. ஆனால் இந்த விதியை மட்டும் எழுதினால், விலை ஏறப்போவதை மோப்பம் பிடித்த வாங்குபவர் 9ஆம் தேதி இரவே மூன்று மாத அளவுக்கு ரிலீஸ் அனுப்பிவிடுவார். பெட்டிக்காரர் 30,000 பெட்டிக்குப் பழைய விலையில் மாட்டிக்கொள்வார். அதனால் ஒரு மாதத்து ரிலீஸ் உத்தேசத்தைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 12,500க்கு மேல் போனால் பெட்டிக்காரரின் சம்மதம் வேண்டும் என்று கூடவே எழுத வேண்டும். பெட்டிக்காரர் தாமதித்ததால் சரக்கு அடுத்த விலைக்குள் நுழைந்தாலும் பழைய விலைதான் என்பதையும் சேர்க்க வேண்டும்.

அரசு வாங்குதலில் இதற்கு இன்னொரு முகம் இருந்தது. மத்திய அரசின் வழங்கல் இயக்குநரகம் 2017இல் மூடப்படும் வரை, நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு ரேட் கான்ட்ராக்ட் போட்டு வைத்திருந்தது. அலுவலகங்கள் நேராக அதன்மேல் ஆர்டர் போட்டுக்கொண்டன. அந்த ஒப்பந்தங்களில் ஒரு சரத்து கட்டாயம் இருக்கும்: அதே பொருளை வேறு யாருக்காவது இதைவிடக் குறைந்த விலைக்கு விற்றால், அரசுக்கும் அந்த விலையே. தனியார் வாங்குபவர்கள் சிலர் இதை அப்படியே பிரதி எடுக்கிறார்கள். அரசுக்கு இருக்கும் பலம் இல்லாத ஒருவர், விற்பவரின் பில் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை இல்லாமல் இதை எழுதிக்கொள்வதில் பயன் எதுவும் இல்லை.

கடைசியாக மீதிக் கணக்கு. கேட்டது, வந்தது, ஏற்றுக்கொண்டது என்று மூன்று எண்ணையும் தனித்தனியே எழுத வேண்டும். மழையில் நனைந்து வந்த 400 பெட்டியைத் திருப்பி அனுப்பினால், அந்த 400 இன்னும் கொடுக்க வேண்டிய கணக்கில் திரும்பச் சேருமா, அல்லது அந்த ரிலீஸ் அத்தோடு முடிந்ததா? இரண்டும் சரிதான், ஆனால் இருவர் ஏட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை இரண்டு ஏட்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால், மூன்று மாதம் தொடர்ந்து உத்தேசத்தில் மூன்றில் இரண்டு பங்குகூடப் போகவில்லை என்பது தானாகவே கண்ணில் படும். 38,000இல் போய் நிற்கும் முன்பே உட்கார்ந்து பேசி, விலையையோ அளவையோ திருத்திக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் மார்ச் 31இல் முடிகிறது என்றால், 31ஆம் தேதி வந்த ரிலீஸுக்கு ஏப்ரலில் சரக்கு கொடுக்க வேண்டும். காலம் முடிந்தது என்று தட்டிக்கழிக்க முடியாது. அன்றைக்கு ஷெட்டில் இருக்கும் அச்சடித்த பெட்டியையும் காகிதத்தையும் இருவரும் சேர்ந்து எண்ணி, முதல் இரண்டு பட்டைக்குள் வருவதற்கு ஏற்றுமதியாளர் பணம் கொடுத்து முடித்த பிறகுதான் அடுத்த வருஷத்து விலையைப் பற்றிப் பேச்சு எடுக்க வேண்டும்.